ஓரம் வெட்டுப்படும் தலைப்பு

கேள்வி: இன்ஸ்டாகிராமில் சமையல் குறிப்புகளைப் பல படங்களாகப் போடுகிறேன். ஃபீடில் சரியாக இருக்கும் முகப்புப் படம், புரொஃபைல் பக்கத்தில் தலைப்பின் ஓர எழுத்துகளை இழந்துவிடுகிறதே, ஏன்?

பதில்: நீங்கள் இன்னும் 1080-க்கு 1080 சதுரத்தில் வடிவமைக்கிறீர்கள் போலிருக்கிறது. 2025 தொடக்கத்தில் புரொஃபைல் கட்டங்கள் சதுரத்திலிருந்து 3:4 நெடுக்கு வடிவத்துக்கு மாறின. சதுரப் படத்தின் நடுவிலுள்ள 810 பிக்சல் அகலம்தான் அதில் தெரியும். இருபுறமும் 135 போய்விடும். ‘கத்தரிக்காய் வத்தக்குழம்பு’ என ஓரம்வரை ஒரே வரியில் எழுதினால், ‘க’வும் ‘ம்பு’வும் காணாமல் போகும்.

படத்தை 1080-க்கு 1350 ஆக்குங்கள். ஃபீடில் முழுதாகத் தெரியும். கட்டத்தில் பக்கத்துக்குச் சுமார் 34 பிக்சல்தான் வெட்டுப்படும். இருபுறமும் 100 பிக்சல் காலியாக விட்டு, ‘கத்தரிக்காய்’ ஒரு வரி, ‘வத்தக்குழம்பு’ அடுத்த வரி என உடையுங்கள். நம் சொற்கள் நீளமானவை, வேறு வழியில்லை. வலது மேல் மூலையில் எதையும் வைக்காதீர்கள். பல படங்கள் இருப்பதைக் காட்டும் குறி அங்கேதான் வந்து உட்காரும்.

எழுத்தின் அளவையும் பாருங்கள். கட்டத்தில் படம் திரை அகலத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஃபோனில் அந்த அளவுக்குச் சுருக்கிப் பார்த்து, ‘த்த’வின் புள்ளி தெரியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். பொருள்களின் அளவு, செய்முறை எல்லாம் இரண்டாம் படத்துக்குப் போகட்டும்.