ஆறு இன்ச் கழுத்தை ஒன்பது இன்ச் ஆக்குவது எப்படி?

கேள்வி: ஓசூர் பாகலூர் சாலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள் எல்லாரும் உண்டு. கழுத்து டிசைனுக்கு ஒவ்வொரு மொழியிலும் ஒரு பெயர் சொல்கிறார்கள். படத்தைக் காட்டினால்தான் பேச்சு முடிகிறது. அதனால் வரலட்சுமி நோன்புக்கு முன் கடைக்கென்று ஒரு டிசைன் ஆல்பம் போட நினைக்கிறேன். நான் தைத்த மெரூன் பட்டு ரவிக்கை ஒன்றின் பின்பக்கப் படம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அது சாதாரண ஆறு இன்ச் வட்டக் கழுத்து. அதே படத்தை ஒன்பது இன்ச் பாட் நெக்காக மாற்றப் பார்த்தேன். துணியை அழித்துத் தோல் நிறம் பூசினால் ஒட்டுப் போட்டதுபோல் தெரிகிறது. எங்கே தவறுகிறேன், அம்மா?

— ஒரு வாசகி, ஓசூர்

பதில்: சகோதரி, படத்தில் இருக்கும் பெண்ணிடமிருந்து தொடங்குகிறேன். ரவிக்கையைப் படமெடுக்க அவர் சம்மதித்திருப்பார். அவர் உடுத்தாத அளவுக்கு முதுகைத் திறந்து காட்டுவதற்கு அந்தச் சம்மதம் போதாது. மாற்றிய படத்தை அவரிடம் காட்டி, 'இதை ஆல்பத்தில் வைக்கலாமா' என்று தனியாகக் கேளுங்கள். ஓசூரில் உங்கள் வாடிக்கையாளர்கள் ஒரே தொழிற்சாலையிலும் ஒரே விடுதியிலும் இருப்பவர்கள். முகம் தெரியாவிட்டாலும் பச்சை குத்தியதையோ மச்சத்தையோ கழுத்துச் சங்கிலியையோ வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் தயங்கினால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

அவர் சம்மதித்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தில் மட்டும் வேலை செய்யாதீர்கள். சுருக்கும்போது சிவப்பும் மெரூனும் ஓரம் தாண்டித் தோலின் மேல் கசிந்துவிடும். அதற்குப் பிறகு ஓரம் சுத்தமாக வராது. கேமராவில் எடுத்த மூலப் படத்தை டாகுமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

அடுத்தது அளவு. கண் மதிப்பில் வரைந்த ஒன்பது இன்ச், வாடிக்கையாளர் கையில் டேப் பிடிக்கும்போது பொய்யாகிவிடும். அந்த ரவிக்கையின் பின் நீளம் உங்கள் அளவு நோட்டில் இருக்கும். அது 14 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் ஷோல்டரிலிருந்து கீழ் ஓரம் வரை அளந்தால் 840 பிக்சல் வருகிறது என்றால், ஒரு இன்ச்சுக்கு 60 பிக்சல். பழைய கழுத்தின் அடி 360 பிக்சலில் இருக்கும், புதியதன் அடி 540-இல் வர வேண்டும். பாட் நெக்கின் வயிறு ஏழு இன்ச் அகலம் என்றால் 420 பிக்சல். முதுகு இரு பக்கமும் வளைந்து போவதால் இந்தக் கணக்கு நடுமுதுகில்தான் சரியாக இருக்கும். கைக்குழிப் பக்கம் போகப் போக ஒரு இன்ச்சுக்கான பிக்சல் குறையும். அதனால் வயிற்றின் அகலத்தைக் கணக்கைவிட ஒரு சுற்றுக் குறைத்தே வரையுங்கள்.

உங்கள் படம் ஒட்டுப் போட்டதுபோல் தெரிவதற்குக் காரணம், துணியையும் தோலையும் ஒரே தாளில் வைத்து அழிப்பதுதான். படத்தை நகல் எடுத்து இரண்டு லேயராக்குங்கள். மேலே இருப்பது ரவிக்கை, கீழே இருப்பது தோல். மேல் லேயரில் Paths கருவியால் புதிய கழுத்துக் கோட்டை வரைந்து, அதைத் தேர்வாக மாற்றி, இரண்டு பிக்சல் Feather கொடுத்து, Layer Mask போட்டு அந்தப் பகுதியை மறையுங்கள். மாஸ்க் எதையும் அழிப்பதில்லை, மறைக்க மட்டுமே செய்யும். கோடு பிடிக்கவில்லை என்றால் திரும்பவும் வெள்ளை பூசித் துணியை வரவழைக்கலாம்.

இப்போது கீழ் லேயரில் ஏறத்தாழ 180 பிக்சல் உயரமும் 420 பிக்சல் அகலமும் உள்ள தோலைப் புதிதாக உண்டாக்க வேண்டும். பலர் ஒரு நிறத்தை எடுத்து அப்பிவிடுகிறார்கள். முதுகு ஒரே நிறமாக இருப்பதில்லை. இடப்பக்கம் ஜன்னல் இருந்தால் இடத் தோள்பட்டை வெளிச்சமாகவும் முதுகுத்தண்டின் குழி மங்கலாகவும் வலப்பக்கம் இன்னும் மங்கலாகவும் இருக்கும். ஆறு இன்ச்சுக்கு மேலே தெரியும் உண்மையான தோலில் அந்தக் குழி எப்படி இறங்கி வருகிறது என்று பாருங்கள். அதே சாய்வில் அதைக் கீழே தொடர வேண்டும். பெரிய மென்மையான பிரஷ்ஷால் முதலில் வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் போடுங்கள். அதன் மேல் Clone கருவியால் மேலிருக்கும் தோலின் நுண் அமைப்பை எடுத்து மெல்லப் படிய வையுங்கள். ஒரே இடத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒரே மச்சம் இரண்டு இடத்தில் தெரிந்தால் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

Heal கருவியைக் கடைசியில் தொடுங்கள். சுற்றிலும் உள்ள நிறத்தோடு கலந்துவிடுவதுதான் அதன் வேலை. அதைத் துணி ஓரத்தில் வைத்தால் மெரூன் நிறம் தோலுக்குள் ஏறிவிடும். அதனால் Clone செய்யும்போதே புதிய கோட்டைத் தாண்டி அரை இன்ச் கீழே வரை தோலைப் பரப்பிவிட வேண்டும். அந்தப் பரப்புக்குள் மட்டும் Heal வைத்தால் கசிவு வராது.

உங்கள் படத்தில் இன்னொரு சிக்கலும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பழைய கழுத்து இருந்த இடத்தில் மங்கலான வளைவு ஒன்று நின்றுபோகும். துணியின் ஓரம் தோல் மேல் நிழல் விழச் செய்கிறது. மெரூன் துணி தன் சிவப்பையும் பக்கத்துத் தோலில் கொஞ்சம் பூசுகிறது. துணியை எடுத்துவிட்டு அந்த நிழலையும் சிவப்பையும் விட்டுவிட்டால் பழைய கழுத்தின் தடம் போகாது. பழைய கோட்டுக்கு மேல் 20 பிக்சல் அகலத்துக்குத் தோலையும் சேர்த்தே மாற்றுங்கள். தடம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, Colors மெனுவில் Desaturate கொடுத்துக் கறுப்பு வெள்ளையாக ஒருமுறை பாருங்கள். நிறத்தில் ஒளிந்துகொள்ளும் நிழல் அப்போது வெளியே வந்துவிடும். பார்த்ததும் Undo செய்துவிடலாம்.

மாஸ்க் போட்டு வெட்டிய ஓரத்தில் தடிமன் இருக்காது. நிஜ ரவிக்கையில் லைனிங் இருக்கிறது, மடிப்பு இருக்கிறது, பைப்பிங் இருக்கிறது. வரைந்த அதே Path மேல் ஏழெட்டு பிக்சலுக்கு ஒரு கோடு ஓட்டினால் எட்டில் ஒரு பங்கு இன்ச் பைப்பிங் கிடைத்துவிடும். வெளிச்சம் வரும் பக்கத்தில் அதன் மேல் மெல்லிய பளபளப்பு ஒன்று இழுங்கள். பிறகு இரண்டு லேயருக்கும் நடுவில் ரவிக்கையின் வடிவத்தைக் கறுப்பாக நிரப்பி, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் மூன்று பிக்சல் தள்ளி, லேசாக மங்கலாக்கி, 30 சதவீதத்தில் வையுங்கள். துணி தோல் மேல் உட்கார்ந்துவிடும்.

இத்தனை உழைப்புக்குப் பிறகும் அந்த மூன்று இன்ச் தோல் நாம் கற்பனையில் போட்டதுதான். ஒரு படத்துக்குச் சரி. இருபது டிசைன் ஆல்பத்துக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன். தலைகீழாகச் செய்யுங்கள். ஆல்பத்தில் வரப்போகும் டிசைன்களிலேயே மிக ஆழமானதை, பத்து இன்ச் என்றால் பத்து இன்ச், வேலைப்பாடில்லாத துணியில் தைத்து, மனம் ஒப்பி நிற்கும் ஒருவருக்கோ கடைப் பொம்மைக்கோ உடுத்தி, நல்ல வெளிச்சத்தில் ஒரே ஒரு படம் எடுங்கள். மற்ற எல்லா டிசைனையும் அதன் மேல் துணி சேர்த்தே உண்டாக்கலாம். வட்டம், சதுரம், வி, பாட், இலை வடிவ ஜன்னல், எல்லாமே பத்து இன்ச்சுக்குள் அடங்கும். தெரியும் தோல் ஒவ்வொரு படத்திலும் உண்மையான தோலாக இருக்கும். படத்தில் நிற்பவரும் தான் காட்டியதைவிடக் கூடுதலாக எந்தப் படத்திலும் வெளிப்படமாட்டார்.

துணி சேர்ப்பது தோல் சேர்ப்பதைவிட எளிது. அதே ரவிக்கையின் கீழ் முதுகிலிருந்து துணியை நகல் எடுத்து மேலே பரப்பி, கழுத்துக் கோட்டோடு மாஸ்க் போடுங்கள். புட்டா உள்ள துணி என்றால் வரிசை நேராக மேலே தொடர்கிறதா என்று பாருங்கள், வரிசை வளைந்தால் நெசவே தப்பாகத் தெரியும். கீழே இருக்கும் தோலின் நிழலைக் கறுப்பு வெள்ளையாக்கித் துணிக்கு மேல் Multiply-இல் 15 அல்லது 20 சதவீதம் வைத்தால் முதுகின் உருட்சி வந்துவிடும். அதற்கு மேல் கூட்ட வேண்டாம். இழுத்துப் பிடித்த துணி முதுகுத்தண்டின் குழிக்குள் இறங்காது, குழியைத் தாண்டி நேராகவே போகும்.

இனி தையல்காரராகக் கேளுங்கள். படத்தில் துணியை எடுத்தால் மிச்சத் துணி இருந்த இடத்திலேயே நிற்கும், உடம்பில் அப்படி நிற்காது. பின்னால் ஒன்பது இன்ச் இறக்கியவுடன் ஷோல்டரைப் பிடித்திருந்த துணி போய்விடுகிறது, அது கையை நோக்கிச் சரியத் தொடங்கும். முன்கழுத்தும் ஆழம் என்றால் நிச்சயம் சரியும். பாட் நெக்கின் வயிற்றுப் பக்கத்தில் வெட்டு இழைக்குச் சாய்வாகப் போவதால் ஓரம் இழுபட்டு வாய் திறந்துகொள்ளும். அதனால் தைக்கும்போது ஓரத்துக்குக் கேன்வாஸ் பட்டி வைப்பீர்கள், ஷோல்டருக்குக் கீழே நாடா கட்டுவீர்கள். அந்த நாடா படத்திலும் இருக்க வேண்டும். நாடா இல்லாத அழகான பாட் நெக்கைக் காட்டி ஆர்டர் எடுத்தால், டிரையல் அன்று 'படத்துல கயிறு இல்லையே' என்று மூன்று மொழியிலும் கேட்பார்கள். வரைந்த நாடாவுக்கும் தோல் மேல் மெல்லிய நிழல் வேண்டும். முதுகுத்தண்டின் குழிக்கு மேல் அது தோலைத் தொடாது என்பதால் அங்கே நிழலைச் சற்றுக் கீழே தள்ளி மங்கலாக்குங்கள்.

ஹூக்கையும் கவனியுங்கள். பின்னால் ஆழமான பாட் நெக் என்றால் ஹூக் முன்னால் வரும். முன்னால் போட் நெக் கேட்பவருக்கு ஹூக் பின்னால் வர வேண்டும், அப்போது கீழே மிஞ்சும் நான்கைந்து இன்ச் பட்டி நடுவில் திறந்துகொள்ளும். படத்தில் அந்தப் பட்டி ஒரே துண்டாக இருந்தால் அந்த ஜோடியைத் தைத்துத் தர முடியாது. ஆகவே ஒவ்வொரு பின்கழுத்துப் படத்தின் கீழும் எந்த முன்கழுத்தோடு சேரும், ஹூக் எந்தப் பக்கம், பின் ஆழம் எத்தனை இன்ச், நாடா உண்டா என்று ஒரு வரி எழுதுங்கள். தைத்துப் படமெடுத்தது எது, கணினியில் மாற்றிய மாதிரி எது என்பதையும் அந்த வரியிலேயே குறித்துவிடுங்கள். இன்ச்சை எண்ணில் எழுதினால் எந்த மொழிக்காரரும் படித்துக்கொள்வார்.