லீவு வேண்டாம், நேரத்தை மாற்றிக் கொடுங்கள்

டயாலிசிஸ் தொடங்கியதும் நம்மவர்கள் முதலில் கேட்பது எம்.சி. அது எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. வாரத்துக்கு மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 முறை. மலேசிய வேலைச் சட்டம் தரும் சாதாரண நோய் விடுப்போ, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கே 22 நாள்தான். இரண்டு மாதம் முடிவதற்குள் அது கரைந்துவிடும். அதற்குப் பிறகு சம்பளமில்லா விடுப்பு, பிறகு மனிதவளப் பிரிவின் அழைப்பு, பிறகு 'மெடிக்கல் போர்ட்' பேச்சு. ஈப்போவில் நான் போகும் சிகிச்சை மையத்தில், பக்கத்து நாற்காலிக்காரர்களிடம் இந்த வரிசையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆகவே நான் கேட்டது விடுப்பு இல்லை, வேலை நேர மாற்றம்.

எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். மகன் நான், அந்தப் பாலில் கையுறை செய்யும் இடத்தில் நிற்கிறேன். எங்கள் ஷிப்ட் 12 மணி நேரம், காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை. சில வாரம் பகல், சில வாரம் இரவு. ஓய்வு நாளும் நிலையாக இருக்காது, நகர்ந்துகொண்டே போகும். டயாலிசிஸ் நாற்காலி அப்படி நகராது. திங்கள், புதன், வெள்ளி என்று ஒரு இடம் கிடைத்தால் அந்தக் கிழமை, அந்த நேரம்தான். நாம் எழுந்ததும் அடுத்த நோயாளி உட்கார வேண்டும். சிக்கல் முழுதும் இங்கேதான் இருக்கிறது. கடிதத்தில் நோயின் வரலாற்றை எழுதுவதைவிட, நகரும் அட்டவணையும் நகராத அட்டவணையும் எங்கே மோதுகின்றன என்று காட்டினால் போதும்.

கடிதம் எழுதுவதற்கு முன் இரண்டு தாள்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மையத்தின் கடிதம்: எந்தக் கிழமைகள், எத்தனை மணிக்கு ஊசி போடுவார்கள், எத்தனை மணிக்கு முடியும். எனக்கு மாலை நாலரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும். அதற்கு முன் எடை பார்க்க வேண்டும். முடிந்த பிறகு ஊசி குத்திய இடத்தை அழுத்திப் பிடித்து ரத்தம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். நான்கு மணி நேரச் சிகிச்சை என்பது நடைமுறையில் ஐந்து மணி நேரம்.

மற்றது டாக்டரின் கடிதம். 'இவர் தொடர் சிகிச்சையில் இருக்கிறார்' என்று ஒரு வரி மட்டும் இருந்தால் முதலாளிக்கு அதனால் பயனில்லை. மூன்று விஷயங்களை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்: வேலை செய்யத் தகுதியானவர், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை சிகிச்சை தொடரும், ஃபிஸ்டுலா உள்ள கையால் பாரம் தூக்கக் கூடாது. முதல் வரிதான் முக்கியம். 'என்னால் முடியவில்லை' என்ற தொனியில் போகும் கடிதம், நம்மை வேலையிலிருந்து அனுப்புவதற்கு நாமே எழுதிக் கொடுத்த சாட்சியாகிவிடும்.

இனி கணக்கு. 2023 ஜனவரி முதல் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 45 மணி. ஒரு நாள் எட்டு மணிக்குக் குறைவாக வேலை செய்தால், இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வேறு நாளில் ஒன்பது மணி வரை செய்யலாம். அதை வைத்து நான் போட்ட அட்டவணை இது. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு முதல் மூன்று வரை. அரை மணி ஓய்வு போக ஏழரை மணி நேரம். செவ்வாய், வியாழன் ஏழு முதல் நாலரை வரை. ஓய்வு போக ஒன்பது மணி. சனிக்கிழமை ஏழு முதல் பதினொன்றரை வரை, நாலரை மணி. கூட்டினால் 22.5, 18, 4.5. சரியாக 45. ஞாயிறு ஓய்வு. கம்பெனிக்கு ஒரு மணி நேரம்கூட நட்டமில்லை. எனக்கு நட்டம் உண்டு: ஓ.டி. போயிற்று, இரவுப் படியும் போயிற்று. அடிப்படைச் சம்பளத்தில் வீட்டை ஓட்ட முடியுமா என்று மனைவியோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான் கடிதத்தில் கையெழுத்திட்டேன். நீங்களும் அதை முதலில் பேசிவிடுங்கள்.

மலாயில் எழுதிய அந்தக் கடிதத்தின் சாரம் இது:

"வேலைச் சட்டம் 1955, பிரிவு 60பி-யின்கீழ், என் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி மாலை 4.30க்கு எனக்கு டயாலிசிஸ். சுழல் ஷிப்டில் இரவு முறை வரும் வாரங்களில் சிகிச்சை முடிவதற்குள் ஷிப்ட் தொடங்கிவிடுகிறது. பகல் முறையில் சிகிச்சைக்குப் போக முடிவதில்லை. இணைத்துள்ள அட்டவணைப்படி நிரந்தரப் பகல் வேலை கேட்கிறேன். வார நேரம் 45 மணி, குறையாது. ஓவன் பகுதியிலிருந்து பேக்கிங் பகுதிக்கு மாற்றவும் வேண்டுகிறேன். மூன்று மாதம் சோதித்துப் பார்த்து மறுபரிசீலனை செய்யலாம்."

ஓவன் வரி எதற்கு என்றால், எங்களுக்குக் குடிக்கும் தண்ணீர் அளவு. சூட்டில் நின்றால் தாகம், தாகத்தில் அளவு மீறும், உடலில் நீர் ஏறும். ஏறியதையெல்லாம் அந்த நான்கு மணி நேரத்தில் இயந்திரம் இழுக்கும்போது ரத்த அழுத்தம் சரியும், கால் இழுத்துப் பிடிக்கும், மறுநாள் வேலையில் தள்ளாடுவோம். இதை மனிதவள அதிகாரியிடம் நேரில் இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்தது. 'மூன்று மாதம்' என்ற வரியும் வேலை செய்தது என்றே நினைக்கிறேன். நிரந்தரமாக ஒன்றை ஒப்புக்கொள்ள எந்த அதிகாரிக்கும் கை நடுங்கும்.

ஏன் எழுத்தில்? தோட்டத்தில் காலைப் பெரட்டில் கங்காணியிடம் வாயால் சொல்லிவிட்டுப் போன பழக்கம் நம் ரத்தத்தில் இருக்கிறது. 'சூப்பர்வைசர் நல்ல மனுஷன், சரின்னு சொல்லிட்டாரு' என்று நண்பர் ஒருவர் நிம்மதியாக இருந்தார். அந்த நல்ல மனுஷன் வேறு கிளைக்கு மாறிப் போனதும், நண்பரின் முன்கூட்டிப் போன மாலைகளெல்லாம் பதிவேட்டில் ஒழுங்கீனமாக நின்றன.

எழுத்தில் வந்த விண்ணப்பத்துக்கு 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். 60கியூ பிரிவு சொல்வது அவ்வளவுதான். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பதிலே வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். சொக்சோவின் மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். தகுதியுள்ள சந்தாதாரர்களுக்கு டயாலிசிஸ் செலவையும் சொக்சோ ஏற்கிறது.

எனக்கு ஒப்புதல் வந்தது, சிறு மாற்றத்தோடு: பேக்கிங்கில் இடமில்லை, ஸ்டோரில் எண்ணிக்கைப் பணி. போதும். மிச்சப்பட்ட எம்.சி.யை அவசரத்துக்கு வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் ஃபிஸ்டுலாவில் விரல் வைத்தால் ஓர் அதிர்வு தெரிய வேண்டும். அது நின்றால் அடைப்பு. அன்று வேலைக்கு இல்லை, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பெருநாள் வாரங்களில் மையம் கிழமைகளை மாற்றும்போது, அந்த அறிவிப்பின் நகலை முன்கூட்டியே மனிதவளப் பிரிவுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

கடிதம் கொடுக்கும்போது இரண்டு நகல் எடுத்துப் போங்கள். உங்கள் நகலில் பெற்ற தேதியோடு கம்பெனி முத்திரை விழாமல் அந்த ஆபீஸை விட்டு வெளியே வராதீர்கள். 60 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.