டீ வடிவ உத்திரத்தின் நடுநிலை அச்சும் இரண்டாம் பரப்புத் திருப்புதிறனும்

இரு முனைகளிலும் தாங்கப்பெற்ற உத்திரம் சுமையால் வளையும்போது அதன் மேற்புறம் அமுக்கமுறுகிறது, கீழ்ப்புறம் இழுபடுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே நீட்சியோ சுருக்கமோ இன்றி நிற்பது நடுநிலை அச்சு. உத்திரம் ஒரே பொருளாலானதாயும் மீள்தன்மை எல்லைக்குள் வளைவதாயும் இருப்பின், இவ்வச்சு வெட்டுமுகத்தின் பரப்பு மையத்தின் வழியே செல்லும். செவ்வகத்தில் அஃது உயரத்தின் நடுவே அமைகிறது. டீ வடிவத்திலோ அவ்வாறன்று. ஆயினும் அங்கும் நடுவிலேயே கொள்ளும் பிழை மாணாக்கரிடம் அடிக்கடி காணப்படுவதாகும்.

10 செ.மீ. அகலமும் 2 செ.மீ. கனமும் உள்ள மேற்பட்டையும், அதன் கீழ் 2 செ.மீ. கனமும் 10 செ.மீ. உயரமும் உள்ள தண்டும் கொண்ட வெட்டுமுகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்த உயரம் 12 செ.மீ. ஒவ்வொரு பகுதியின் பரப்பும் 20 சதுர செ.மீ. அடிவிளிம்பிலிருந்து தண்டின் மையம் 5 செ.மீ., பட்டையின் மையம் 11 செ.மீ. பரப்புகள் சமமாதலின், பொது மையம் இவற்றின் நடுவே, அதாவது 8 செ.மீ. உயரத்தில் அமையும். தடித்த அட்டையில் இவ்வடிவத்தை முழு அளவில் வெட்டி, அளவுகோலின் விளிம்பிற்கு இணையாகப் பட்டை அமையுமாறு கிடத்தி நிறுத்திப் பார்த்தால், அட்டை இக்கோட்டிலேயே சமநிலையுறும். வகுப்பில் இதனைச் செய்து காட்டலாம்.

சிறு பரப்பு ஒவ்வொன்றையும், அச்சிலிருந்து அதன் தொலைவின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டுவதே இரண்டாம் திருப்புதிறன். செவ்வகத்திற்கு, அதன் சொந்த மையத்தைப் பற்றி, அகலத்தை உயரத்தின் கனத்தால் பெருக்கி 12-ஆல் வகுக்கவேண்டும். தண்டிற்கு 166.7, பட்டைக்கு 6.7 எனக் கிடைக்கும். ஆனால் இவ்விரு மையங்களும் நடுநிலை அச்சிலிருந்து 3 செ.மீ. விலகி நிற்கின்றன. எனவே ஒவ்வொன்றிற்கும் 20 × 3 × 3 = 180 சேர்த்தல் வேண்டும். மொத்தம் 533.3 செ.மீ.⁴. பட்டையின் பங்கு ஏறத்தாழ முழுவதும் இவ்விலகலினாலேயே வருவதைக் காண்க.

அச்சை நடு உயரமாகிய 6 செ.மீ.இல் கொண்டால் விடை 693.3 ஆகும். பரப்பு மையத்தின் வழிச் செல்லும் அச்சைப் பற்றிய மதிப்பே இணை அச்சுகளுள் மிகச் சிறியது. ஆகவே அச்சை எப்பக்கம் தவறவிட்டாலும் உத்திரம் உள்ளதைவிட விறைப்பு மிக்கதாகவே தோன்றும்.

இவ்வுத்திரம் 2 மீட்டர் இடைவெளியில் தாங்கப்பெற்று, நடுவில் 2,000 நியூட்டன் சுமை ஏற்பதாகக் கொள்வோம், தன்னெடையை விட்டுவிடலாம். வளைவுத் திருப்புதிறன் 1,00,000 நியூட்டன்-செ.மீ. இதனை அடிவிளிம்பின் தொலைவாகிய 8-ஆல் பெருக்கி 533.3-ஆல் வகுத்தால், இழு தகைவு சதுர செ.மீ.க்கு 1,500 நியூட்டன். பிழையான அச்சின்படி அது 865 மட்டுமே. உண்மைத் தகைவு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு!

மேல்விளிம்பு 4 செ.மீ. தொலைவிலேயே இருப்பதால் அங்கு அமுக்கத் தகைவு 750 தான். உத்திரத்தைத் தலைகீழாக வைப்பின் திருப்புதிறன் மாறாது. ஆனால் இழுவிசை அகன்ற பட்டைக்குச் சென்று 750 ஆகவும், அமுக்கம் 1,500 ஆகவும் இடம்மாறும். அமுக்கத்தைப் பெரிதும் தாங்கி, இழுவிசைக்கு எளிதில் உடையும் வார்ப்பிரும்பிற்கு இம்முறையே ஏற்றது. விரிசலுற்ற வலுவூட்டிய காங்கிரீட் டீ உத்திரத்திற்கு மட்டும் மேற்கண்ட கணக்கை அப்படியே கையாளலாகாது. அங்கே இழுபடும் காங்கிரீட்டை விலக்கி, எஃகுக் கம்பியின் பரப்பைச் சமமான காங்கிரீட் பரப்பாக மாற்றிய பின்னரே அச்சைக் காணவேண்டும்.