சங்கச் செய்யுட் பிரசங்கத்தை அட்டவணையாக்குமாறு

சங்கச் செய்யுளைக் குறித்துச் செய்யப்படும் பிரசங்கங்களைக் கேட்டு வரும் உபாத்தியாயர்கள், அவற்றைத் திணை, வடிவம், எடுத்துக்காட்டடி என அட்டவணையாக்கி மாணாக்கருக்குக் கொடுத்தல் வழக்கம். அவ்வட்டவணைகளிற் பெரும்பாலும் நேரும் பிழை ஒன்றுண்டு. உவமையாய் வந்த பொருளை நிலமாகக் கொண்டு திணைப் பத்தியில் எழுதிவிடுதலே அது. அதனை விலக்குமாற்றைக் குறுந்தொகைச் செய்யுள் இரண்டினை வைத்து ஈண்டு விளக்குவாம்.

முதலாவது, கேட்டெழுதிய குறிப்பை மூன்றாகப் பகுத்துக் கொள்க. இலக்கண விதியாகச் சொல்லப்பட்டவை ஒன்று. குறித்த ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லப்பட்டவை ஒன்று. பிரசங்கியார் தம் சுவைபற்றிச் சொன்னவை ஒன்று. விதிகள் அட்டவணைக்குத் தலைப்பாகும். பாட்டைப் பற்றியவை கட்டங்களை நிரப்பும். சுவைபற்றியவை அட்டவணைக்குப் புறம்பே நிற்கத்தக்கவை.

இரண்டாவது, திணை என ஒரு பத்தி அமைத்தல் போதாது. தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்து, செய்யுளுள் ஆராயுங்கால் இவை ஒன்றினொன்று சிறந்தன என்றார். உரிப்பொருள் அல்லாதன ஒரு திணையிலிருந்து மற்றொன்றிற் சென்று மயங்கவும் பெறும் என்பதும் அவர் கருத்து. ஆதலின், மூன்றற்கும் தனித்தனி இடம் வேண்டும். உவமைக்கும் வேறிடம் வேண்டும்.

இனி, குறுந்தொகை 40-ஆம் பாட்டை நோக்குக. கூடிய பின் தலைவன் பிரிவானோ என்று தலைவி அஞ்ச, அவன் அவளைத் தேற்றுவது அப்பாட்டு. செந்நிலத்திற் பெய்த மழைநீர் அந்நிலத்தோடு ஒன்றுபட்டாற்போல இருவர் நெஞ்சமும் கலந்தன என்கின்றான். புலவரது இயற்பெயர் மறைந்து, அவ்வுவமையே செம்புலப்பெயனீரார் எனப் பெயராயிற்று. வலிகாமத்துச் செம்மண்ணை நாடோறும் காணும் பிள்ளை, ‘செம்மண் நிலம்’ என்று முதற்பொருட் கட்டத்தில் எழுதுதல் இயல்பே. ஆயினும் அம்மண் உவமையின் பகுதியேயன்றித் தலைமக்கள் நிற்கும் நிலமன்று. அப்பாட்டில் மலையும் இல்லை, மலைப்பூவும் இல்லை. புணர்தல் என்னும் உரிப்பொருள் ஒன்றினாலேயே அது குறிஞ்சியாயிற்று.

தேவகுலத்தார் பாடிய 3-ஆம் பாட்டு, இதனோடு ஒப்பிடத்தக்கது. தோழி தலைவனைப் பழித்தபோது, தலைவி அவன் நட்பின் பெருமையைக் கூறுகின்றாள். முதலிரண்டடிகளில் நிலமும் வானும் நீரும் வருகின்றன. அவை நட்பை அளத்தற்கு வந்த ஒப்புப்பொருள்கள். நீர் என்றமைபற்றி நெய்தல் எனக் கொள்ளற்க. இரண்டாமடியின் ஈற்றில் வரும் மலைச்சாரலே நிலம். அதன்பின் வரும் குறிஞ்சிப்பூவும் தேனும் கருப்பொருள்.

இவ்விரண்டனையும் நிரப்பிய அட்டவணை வருமாறு:

| தலைப்பு | குறுந்தொகை 3 | குறுந்தொகை 40 |
|---|---|---|
| கூற்று | தலைவி | தலைவன் |
| முதற்பொருள் | மலைச்சாரல் | கூறப்படவில்லை |
| கருப்பொருள் | குறிஞ்சிப்பூ, தேன் | கூறப்படவில்லை |
| உரிப்பொருள் | புணர்தல் | புணர்தல் |
| உவமையும் ஒப்பும் | நிலம், வான், நீர் | செந்நிலத்து மழைநீர் |
| வடிவம் | நேரிசையாசிரியப்பா, 4 அடி | நேரிசையாசிரியப்பா, 5 அடி |
| எடுத்துக்காட்டடி | 3, 4 | 4, 5 |

‘கூறப்படவில்லை’ என்னும் கட்டங்களை மலை, குறவர், தினை என்று விதியிலிருந்து எடுத்து நிரப்பலாகாது. நிரப்பினால், பாட்டில் இல்லாததை மாணாக்கன் இருப்பதாக எண்ணுவான்.

எடுத்துக்காட்டடி தெரிவதிலும் கவனம் வேண்டும். 3-ஆம் பாட்டின் முதலடி யாவர்க்கும் மனப்பாடம். ஆயின் அது திணையைக் காட்டாது. 3, 4-ஆம் அடிகளோ, கருப்பொருளையும் நட்பையும் காட்டுவதோடு வடிவத்தையும் காட்டுகின்றன. ஈற்றயலடி முச்சீராய் வருதல் நேரிசையாசிரியப்பாவின் இலக்கணம், அவ்வடி மூன்றாமடியே. 40-ஆம் பாட்டில் நான்காமடி அவ்வாறு வந்தது. எழுதிய அடியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனைய கட்டங்களை மறைத்துப் பார்க்க. அவ்வடி எந்தத் தலைப்பிற்குச் சான்று என்று சொல்ல இயலாவிடின், வேறடி தெரிந்துகொள்க.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. கலித்தொகைப் பாட்டின் வடிவத்தை ஓரிரண்டு அடிகளாற் காட்டல் இயலாது. கலிப்பா, தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்னும் உறுப்புக்களால் அறியப்படுவது. ஆண்டு, அடிக்குப் பதிலாக உறுப்புக்கள் வந்த முறையையும் ஒவ்வொன்றும் எத்தனையாம் அடியில் தொடங்குகின்றது என்பதையும் எழுதுக. குறுந்தொகைப் பாட்டுச் சிறிதாதலின், அட்டவணையின் மேலே முழுப்பாட்டையும் எழுதிவைத்து, பிள்ளைகளே கட்டங்களை நிரப்புமாறு செய்தல் நன்று.