பணம் கட்டி ஆடினால் அது என்ன ஆட்டம்?

நம்பிக்கை: "ட்ரீம்11 திறமை ஆட்டம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. பணம் கட்டி ஆடினால் தப்பில்லை."

முதல் வாக்கியம் சரி. இரண்டாவது 2025 ஆகஸ்ட்டுக்குப் பிறகு எடுபடாது.

2017இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இது. தொடுத்தவர் பணம் கட்டித் தோற்றவர். நூறு கிரெடிட்டுக்குள் பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கேப்டனாக யாரைப் போடுவது என்று யோசிக்க வேண்டும். இதற்கு ஆட்டக்காரர்களைப் பற்றிய அறிவு தேவை, எனவே சூதாட்டம் அல்ல என்றது நீதிமன்றம். இதற்குத் துணை நின்றது நம் கிண்டி குதிரைப் பந்தயம். 1996இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்கில், குதிரையையும் ஜாக்கியையும் எடைபோட்டுப் பந்தயம் கட்டுவதில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கவனியுங்கள்: அதிர்ஷ்டமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. எது தூக்கலாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அந்தப் பதிலுக்கு மதிப்பு இருந்தது. சூதாட்டம் அரசியலமைப்பு பாதுகாக்கும் தொழிலே அல்ல என்று 1957இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; திறமை ஆட்டத்துக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு உண்டு.

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் அந்தக் கேள்வியையே ஓரங்கட்டிவிட்டது. பத்துப் பேர் ஆளுக்கு 50 ரூபாய் கட்டுகிறார்கள், சேரும் 500 ரூபாயில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை நிறுவனம் பரிசாகத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தது அறிவாலா அதிர்ஷ்டத்தாலா என்று புதிய சட்டம் பார்ப்பதில்லை. பரிசுப் பணத்தை எதிர்பார்த்துக் கட்டணம் செலுத்தினீர்களா? அப்படியானால் அது 'பண விளையாட்டு', தடை. ட்ரீம்11 உள்ளிட்ட நிறுவனங்கள் அந்த மாதமே கட்டணப் போட்டிகளை நிறுத்தின. காசு கட்டாமல் ஆடும் இலவசப் போட்டிக்கு இந்தத் தடை இல்லை.

நம்பிக்கை: "திறமை ஆட்டம்தானே, கிரிக்கெட் தெரிந்தவன் தோற்க மாட்டான்."

நீதிமன்றம் வகைப்படுத்தியது ஆட்டத்தை. உங்கள் பர்ஸுக்கு அது ஜாமீன் நிற்கவில்லை. கேப்டனுக்கு இரண்டு மடங்கு புள்ளி. அவர் முதல் பந்திலேயே டக் அவுட் ஆனால் உங்கள் ஆராய்ச்சி முழுவதும் அங்கேயே முடிந்தது. தவிர, எல்லாரும் அதே புள்ளிவிவரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

நம்பிக்கை: "ஆடியவனைப் பிடித்து உள்ளே போடுவார்கள்."

இல்லை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு, ஐம்பது லட்சம் வரை. பணம் கைமாற வழிசெய்யும் வங்கியும் பொறுப்பாளியே. ஆடுபவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை.

சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடுத்த வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. அங்கே எழுப்பப்பட்டிருக்கும் வாதம், திறமை ஆட்டம் என்று ஏற்கப்பட்ட ஒன்றை நாடாளுமன்றம் அடியோடு தடை செய்ய முடியுமா என்பதுதான். பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் இருக்கும்போது மத்திய அரசு எப்படித் தலையிடலாம் என்பதும் கூடவே வருகிறது.