ஐபோன் நோட்ஸில் அழித்தால் எங்கெல்லாம் அழிகிறது?

பழைய ஐபோனைத் தம்பி மகனுக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லி, சித்தி அதை என்னிடம் நீட்டினார். "நோட்ஸ்ல இருந்ததையெல்லாம் அழிச்சிட்டேன், ஒருதடவை பாத்துக் குடுப்பா" என்றார். திறந்தால் காலியாகத்தான் இருந்தது. ஆனால் கணினியில் icloud.com-க்குள் அவர் கணக்கைத் திறந்தபோது வங்கி விவரங்கள் உட்பட ஒன்றுவிடாமல் இருந்தன.

சித்தி செய்தது இதுதான்: அமைப்புகளில் ஐகிளவுட் பகுதிக்குப் போய், நோட்ஸை அணைத்து, Delete from My iPhone என்பதை அழுத்தியிருக்கிறார். அது அந்தக் கருவியில் உள்ள நகலை மட்டுமே நீக்கும். கிளவுடில் உள்ள மூலம் அப்படியே இருக்கும். போனிலிருந்து குறிப்புகளை மட்டும் காலி செய்ய அதுவே சரியான வழி. மாறாக, குறிப்புகளை ஒவ்வொன்றாக அழித்திருந்தால் அவருடைய புதுப் போனிலிருந்தும் எல்லாம் போயிருக்கும். போனைக் காலி செய்ய வேண்டுமா, குறிப்பையே ஒழிக்க வேண்டுமா என்று முதலில் முடிவுசெய்துகொண்டு கைவையுங்கள்.

வங்கிக் குறிப்பு எங்குமே இருக்கக் கூடாது என்றார் சித்தி. அதைப் புதுப் போனில் அழித்தோம். அழித்தது Recently Deleted என்ற கோப்புறைக்குப் போய் 30 நாள் அங்கே காத்திருக்கும். அதற்குள் அந்தக் கணக்கைத் திறக்க முடிந்த யாரும் மீட்டுவிடலாம். அதனால் அங்கேயும் போய் இன்னொருமுறை அழித்தோம். வீட்டில் இணையம் இல்லாமல் அணைந்து கிடக்கும் ஐபேட் இருந்தால் அதிலும் கவனம் வேண்டும். அது மறுபடி இணையத்தில் சேரும்வரை பழைய நகல் அதில் இருக்கும்.

பூட்டிய குறிப்புகளில்தான் எனக்குக் கவலை அதிகம். பூட்டினாலும் முதல் வரி தலைப்பாகப் பட்டியலில் வெளியே தெரியும். சித்தி முதல் வரியிலேயே கணக்கு எண்ணை எழுதியிருந்தார்! பூட்டைத் திறந்து, மேலே சாதாரணமாக ஒரு வரி சேர்த்த பிறகுதான் அந்த எண் மறைந்தது. கடவுச்சொல்லிலும் கவனம் வேண்டும். மறந்துபோய் புதிதாக ஒன்று வைத்தால், அது இனிமேல் பூட்டுபவற்றுக்கு மட்டும்தான் செல்லும். பழையவற்றைப் பழைய கடவுச்சொல்லே திறக்கும்; ஆப்பிள் நிறுவனத்தாலும் திறந்துதர முடியாது. ஆகவே பழைய கடவுச்சொல் நினைவில் இருக்கும்போதே திறந்து பார்த்து, வேண்டியதை வேறிடத்தில் எழுதிக்கொண்டு, பிறகு அழியுங்கள்.

கோப்புறைப் பட்டியலில் On My iPhone என்றோ ஜிமெயில் என்றோ தனித் தலைப்பு தெரிந்தால் அதையும் திறந்து பாருங்கள். முதலாவதில் இருப்பவை ஐகிளவுடுக்கு ஒத்திசையாது, ஆனால் போனின் பேக்கப்பில் சேர்ந்திருக்கும். இரண்டாவதில் இருப்பவை உங்கள் மெயில் கணக்கில் Notes என்ற லேபிளின் கீழ் கிடக்கும்.

அழித்து முடித்ததும் icloud.com-இல் அந்த Recently Deleted கோப்புறையை ஒருமுறை திறந்து பாருங்கள். அதுவும் காலியாக இருந்தால் அழித்த குறிப்பு ஐகிளவுடில் இல்லை என்று பொருள்.