மணலும் களிமண்ணும் மாறி மாறி அமைந்த நிலத்தில் நீரின் போக்கு

கங்கைச் சமவெளி போன்ற வண்டல் நிலங்களில் துளையிட்டுப் பார்த்தால், ஒரே வகை மண் நெடுந்தூரம் தொடர்வது அரிது. வெள்ளம் விரைந்து ஓடிய இடத்தில் மணல் படிகிறது. வெள்ளம் பரவித் தேங்கிய இடத்தில் நுண்ணிய களிமண் படிகிறது. ஆறு தன் போக்கை மாற்றிக் கொள்ளுந்தோறும் மணலின்மேல் களிமண்ணும், களிமண்ணின்மேல் மணலும் அடுக்கடுக்காக அமைகின்றன. இத்தகைய நிலத்தின் ஊடுருவு திறன் எவ்வளவு என்று கேட்டால், ஓர் எண்ணை மட்டும் விடையாகக் கூற இயலாது. கிடைத்திசைக்கு ஓர் எண்ணும், செங்குத்துத் திசைக்கு வேறோர் எண்ணும் வேண்டும்.

இரு திசைகள், இரு விதிகள்

நீர்ச்சரிவு என்பது, நீர் செல்லும் வழியில் ஒவ்வொரு மீட்டர் தூரத்திற்கும் நீர்மட்டம் எவ்வளவு குறைகிறது என்பதாகும். மண்ணின் வழியே நீர் செல்லும் வேகம் இந்தச் சரிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை, பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி 1856இல் வெளியிட்டார். சரிவு 1 ஆக இருக்கும்போது உள்ள வேகமே ஊடுருவு திறன், k, ஆகும்.

நீர் அடுக்குகளின் போக்கிலேயே, அதாவது கிடையாக, செல்லும்போது எல்லா அடுக்குகளிலும் சரிவு ஒன்றே. ஒவ்வோர் அடுக்கும் தன்னால் இயன்ற அளவு நீரைக் கொண்டு செல்கிறது. அந்த அளவுகளைக் கூட்ட வேண்டும். நீர் அடுக்குகளுக்குக் குறுக்கே, அதாவது செங்குத்தாக, செல்லும்போது ஓர் அடுக்கைக் கடந்த நீர் முழுவதும் அடுத்த அடுக்கையும் கடந்தாக வேண்டும். ஆகவே இங்கு வேகம் ஒன்றே. ஒவ்வோர் அடுக்கிலும் இழக்கப்படும் நீர்மட்டத்தைக் கூட்ட வேண்டும். அடுக்குகளின் தடிமன் d₁, d₂ எனவும், மொத்தத் தடிமன் D எனவும் கொண்டால் கிடைப்பவை:

k_H = (k₁d₁ + k₂d₂ + …) / D

k_V = D / (d₁/k₁ + d₂/k₂ + …)

முதல் வாய்பாட்டில் மிகுதியாக நீர் விடும் அடுக்கு ஆட்சி செய்கிறது. இரண்டாவதில் மிகுதியாகத் தடுக்கும் அடுக்கு ஆட்சி செய்கிறது. ஆகவே இத்தகைய நிலத்தில் k_H எப்போதும் k_V-ஐவிடப் பெரிதாகவே இருக்கும்.

ஒரு கணக்கு

10 மீட்டர் ஆழமுள்ள படிவு ஒன்றில், மேலிருந்து கீழாக மணல் 3 மீ., களிமண் 0.5 மீ., மணல் 3 மீ., களிமண் 0.5 மீ., மணல் 3 மீ. என அடுக்குகள் இருப்பதாகக் கொள்க. மணலின் ஊடுருவு திறன் நாளொன்றுக்கு 10 மீட்டர். களிமண்ணினுடையது நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர், அதாவது 0.001 மீட்டர்.

k_H = (9 × 10 + 1 × 0.001) / 10 = 9 மீ./நாள்

k_V = 10 / (9/10 + 1/0.001) = 10 / 1000.9 = 0.01 மீ./நாள் (ஏறத்தாழ)

மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கே களிமண். ஆயினும் கிடைத்திசைத் திறன் செங்குத்துத் திறனைப்போல் 900 மடங்காகிறது. இரண்டாம் வாய்பாட்டின் கூட்டுத்தொகையான 1000.9இல் மணலின் பங்கு 0.9 மட்டுமே என்பதைக் காண்க. செங்குத்தாகச் செல்லும் நீர் தன் மட்டத்தை இழப்பது ஏறக்குறைய முழுவதும் களிமண்ணிலேயே. மணலில் இழப்பு இல்லை எனலாம்.

சராசரி எங்கே ஏமாற்றும்?

இந்நிலத்தில் 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள அடித்தளக் குழி ஒன்று 2.5 மீட்டர் ஆழத்திற்குத் தோண்டப்படுவதாகக் கொள்க. நிலத்தடி நீர்மட்டம் தரைக்குக் கீழே 1 மீட்டரில் உள்ளது. மேல் மணலின் நீர் இறைக்கப்பட்டுக் குழியின் தரை உலர்ந்து காணப்படுகிறது. தரைக்குக் கீழே 0.5 மீட்டர் மணலும், அதன்கீழ் 0.5 மீட்டர் களிமண்ணும் எஞ்சியுள்ளன.

சராசரித் திறனை மட்டும் கொண்டு கணிப்பவர், குழியின் தரைக்கும் 10 மீட்டர் ஆழத்திற்கும் இடையே 1.5 மீட்டர் நீர்மட்ட வேறுபாடு சீராகக் குறைவதாகக் கொள்வார். அப்போது ஒவ்வொரு மீட்டருக்கும் 0.2 மீட்டர் குறைவு ஏற்படும். களிமண்ணின் அடிப்பக்கம் குழித்தரைக்கு 1 மீட்டர் கீழே உள்ளது. எனவே அங்கு நீரின் மேல்நோக்கிய அழுத்தம் 1.2 மீட்டர் நீருக்குச் சமம், அதாவது சதுர மீட்டருக்கு 1.2 டன். அதன்மேல் உள்ள 1 மீட்டர் ஈரமண்ணின் எடை ஏறத்தாழ 2 டன். குழி பாதுகாப்பானது என்று அவர் முடிவு செய்வார்.

உண்மை வேறு. களிமண்ணின் வழியே மேலேறும் நீர் மிகச் சிறிது. களிமண்ணில் சரிவு 1.5/0.5 = 3; எனவே குழி முழுவதற்கும் நாளொன்றுக்கு 0.3 கன மீட்டர், அதாவது 300 லிட்டரே கசியும். அந்தச் சிற்றிழப்பை நடு மணல் அடுக்கு தன் பக்கங்களிலிருந்து எளிதில் ஈடு செய்து கொள்கிறது. ஆகவே அதன் நீர்மட்டம் குறைவதில்லை. தரைக்கு 1 மீட்டர் கீழேயே நிற்கிறது. களிமண்ணின் அடியில், 3.5 மீட்டர் ஆழத்தில், மேல்நோக்கிய அழுத்தம் சதுர மீட்டருக்கு 2.5 டன். மேலிருந்து அழுத்தும் எடை 2 டன் மட்டுமே. உலர்ந்து காணும் குழித்தரை மேலெழும்பி வெடிக்கும். வெடிப்பின் வழியே மணலும் நீரும் பீறிட்டு வரும்.

செங்குத்துத் திறன் குறைவாயிருப்பதால் நீர் தெரியவில்லை. கிடைத்திசைத் திறன் மிகுதியாயிருப்பதால் அழுத்தம் தணியவில்லை. உலர்ந்த தரை பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பதன் காரணம் இதுவே.

நடு மணல் அடுக்குவரை ஒரு குழாயை இறக்கி, அதில் நீர் எவ்வளவு ஏறி நிற்கிறது என்று பார்த்தால் இந்த ஆபத்தை முன்னரே அறியலாம். குழாய் மேல் மணலோடு தொடர்பு கொள்ளாதவாறு, களிமண் அடுக்கைக் கடக்கும் இடத்தில் அதன் சுற்றுப்புறத்தை அடைத்துவிட வேண்டும். பரிகாரமும் எளிது. நடு மணலில் கிணறுகள் இறக்கி நீரை இறைத்து, அங்குள்ள நீர்மட்டத்தைத் தாழ்த்த வேண்டும். மேற்கண்ட குழியில் அதனை 0.5 மீட்டர் தாழ்த்தினால் இரு விசைகளும் சமமாகும். பாதுகாப்புக்காக இன்னும் தாழ்த்துவது அவசியம்.

கவனிக்க வேண்டியவை

இவ்வாய்பாடுகள், அடுக்குகள் இடைவெளியின்றித் தொடர்கின்றன என்ற கொள்கையில் அமைந்தவை. களிமண் அடுக்கின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு மணலாக இருந்தால், அவ்வழியே களிமண் முழுவதும் விடும் நீரைப்போல் நூறு மடங்குவரை நீர் செல்லக்கூடும். நிலவியலின் சிறு நுணுக்கங்கள் அணைகளின் பாதுகாப்பை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை டெர்சாகி 1929இலேயே தனிக் கட்டுரையாக எழுதினார்.

களப்பணியாளர் செய்யும் பிழைகளுள் இரண்டு முக்கியமானவை. நீரைப் பாய்ச்சித் துளையிடும்போது, மெல்லிய களிமண் அடுக்கு நீரோடு கரைந்து வெளியேறிவிடும். பதிவேட்டில் மணல் என்றே எழுதப்படும். மண்ணைக் கலந்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அடுக்கமைப்பே அழிந்துவிடும். அதில் கிடைக்கும் எண் k_H-உம் அன்று, k_V-உம் அன்று. எனவே துளையிலிருந்து கலையாத மாதிரிகளைத் தொடர்ச்சியாக எடுத்து, நீளவாக்கில் பிளந்து, சற்று உலரவிட்டுப் பார்த்தல் வேண்டும். மணல் முதலில் உலர்ந்து வெளிறும். களிமண் ஈரமாகக் கருத்து நிற்கும். மெல்லிய அடுக்குகளும் அப்போது தெளிவாகத் தெரியும்.

பயிற்சி

10 மீட்டர் களிமண்ணின் நடுவே 1 சென்டிமீட்டர் மணல் அடுக்கு ஒன்று உள்ளது. ஊடுருவு திறன்கள் மேற்கூறியவையே. k_H, k_V ஆகியவற்றைக் கணக்கிடுக.

விடை: k_H நாளொன்றுக்கு 11 மில்லிமீட்டர், k_V நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர். விரல் தடிமனுள்ள மணல் அடுக்கைப் பதிவேட்டில் விட்டுவிட்டால், கிடைத்திசைக் கசிவு உண்மையில் பதினொன்றில் ஒரு பங்காகவே மதிப்பிடப்படும்.